மாரிமுத்து என் அப்பா, நான் எழில்

வணக்கம். நான் திருநெல்வேலியில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் கணக்காளர். இரண்டு வாரத்துக்கு முன் என்னைப் புதிய குழுவுக்கு மாற்றினார்கள். ஐந்து பேர் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் இருக்கிறார்கள், இரண்டு பேர் ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட்டில். டீம்ஸ் கூட்டங்களில் என் பெயர் 'Marimuthu, Ezhilarasi' என்று தெரிகிறது. எல்லோரும் என்னை 'மாரிமுத்து' என்று அழைக்கிறார்கள். அது என் அப்பாவின் பெயர். ஒருவர் மட்டும் என் பெயரைச் சொல்லிப் பார்த்து, 'எஸ்-ஹில்' என்று பாதியில் நிறுத்திவிட்டார். போன வாரம் வாடிக்கையாளரின் ஜூம் கூட்டத்தில் என் முகத்துக்குக் கீழே மகனின் பெயரும் வகுப்பும் தெரிந்தன. வீட்டிலும் பழைய குழுவிலும் என்னை எழில் என்றுதான் சொல்வார்கள். திரையில் பெயரை எப்படி மாற்றுவது? உச்சரிப்பை எப்படி எழுதிக் கொடுப்பது? இரண்டு வாரம் பேசாமல் இருந்துவிட்டு இப்போது சொன்னால் தவறாக நினைப்பார்களா?
— எழிலரசி, திருநெல்வேலி

அன்புள்ள எழிலரசி,

உங்கள் பெயருக்கு நடுவே நிற்கும் அந்தக் காற்புள்ளியிலிருந்து தொடங்குகிறேன். பழைய தொலைபேசி விவரத் தொகுப்பின் பழக்கம் அது. குடும்பப் பெயரை முன்னால் போட்டு அகர வரிசையில் அடுக்கி, காற்புள்ளிக்குப் பின் அவரவர் பெயரைப் போடுவார்கள். ஒரு வீட்டில் எல்லோருக்கும் ஒரே குடும்பப் பெயர் இருக்கும் ஊர்களுக்கு அது பொருந்தும். நமக்கு இருப்பது தலைப்பெழுத்து. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் இருப்பதால், அந்த எழுத்தை விரித்து அப்பாவை அதில் உட்கார வைக்கிறோம். பிறகு அலுவலகக் கணினி அவரை வரிசையின் முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறது.

காற்புள்ளியின் பொருள் லீட்ஸ்காரர்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் வீடியோவின் கீழே பெயருக்கு இருக்கும் இடம் குறுகலானது. கைபேசியிலோ, பத்துப் பேர் சேர்ந்த கூட்டத்திலோ, வால் பகுதி வெட்டுப்பட்டு 'Marimuthu, Ezh…' என்றுதான் தெரியும். பேச்சின் நடுவே கண் இடது ஓரத்தில் இருக்கும் முதல் சொல்லைத்தான் பிடிக்கும். அந்தச் சொல்லை அவர்களால் எளிதாக வாசிக்கவும் முடிகிறது. இரண்டாவது சொல்லில் z, h இரண்டும் ஒட்டி நிற்பதைப் பார்த்ததுமே நாக்கு பின்வாங்குகிறது. ஆக இங்கே இரண்டு பழுதுகள் இருக்கின்றன. வரிசை ஒன்று, எழுத்துக்கூட்டல் மற்றொன்று. வரிசையை மட்டும் சரிசெய்தால் அடுத்த வாரம் முதல் நீங்கள் எஸ்-ஹில் ஆகிவிடுவீர்கள். உச்சரிப்பை மட்டும் சொல்லிக் கொடுத்தால், பழையபடி திரையைப் பார்த்து மாரிமுத்து என்றே சொல்வார்கள்.

(இதிலும் உங்கள் நிலை பரவாயில்லை. என் முதல் வேலையில் தலைப்பெழுத்தையே குடும்பப் பெயராகப் பதிந்துவிட்டார்கள். 'அன்புள்ள எஸ்' என்று எனக்குப் பல மாதங்கள் கடிதம் வந்தது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயரை வெறுமையாக விட்டுவிட்டு அமெரிக்க விசா வாங்கியவர்களின் பாடு இன்னும் மோசம். அங்கே முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் FNU என்று அச்சாகிறது. 'முதற்பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம் அது. அதையே பெயர் என்று எண்ணி 'ஃபனு' என்று அழைப்பவர்கள் உண்டு.)

அமைப்புகளைத் தொடும் முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். அவர்கள் வாயில் எந்தப் பெயர் வர வேண்டும், எழிலரசியா எழிலா? 'இரண்டில் எதுவும் பரவாயில்லை' என்று சொன்னால் அவர்கள் மூன்றாவதாக ஒன்றைக் கண்டுபிடித்துவிடுவார்கள். எழில் என்ற அழைப்பு உங்களுக்கு ஏற்கெனவே பழகியது, இரண்டே அசை. அதையே வையுங்கள் என்பேன். அது அவர்கள் வசதிக்காகப் புதிதாக ஒட்டிக்கொண்ட பெயராக இருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். எல், லிசா என்று எதையாவது சூட்டிக்கொண்டவர்கள், ஓராண்டு கழித்து மேலதிகாரி அந்தப் பெயரைப் பாராட்டுக் கடிதத்தில் எழுதும்போது வருந்துவதைப் பார்த்திருக்கிறேன்.

திரையில் வர வேண்டிய வடிவம் இது:

```
Ezhil Marimuthu
```

அழைக்கும் பெயர் முன்னால், காற்புள்ளி இல்லை, எல்லாம் பெரிய எழுத்தில் இல்லை. துறையின் பெயர், ஊர், பூப்படம் எதையும் சேர்க்காதீர்கள். பார்வையற்ற சக ஊழியர் யாராவது இருந்தால், அவருடைய திரைவாசிப்பான் அத்தனையையும் உரக்கப் படிக்கும். உங்கள் பெயரைக் கேட்பதற்கு முன் அவர் ஒரு செவ்வந்திப் பூவைக் கேட்டாக வேண்டும். அப்பாவின் பெயரை நீக்கிவிடவும் சொல்லமாட்டேன். சம்பளப் பட்டியலிலும் மின்னஞ்சல் முகவரியிலும் Marimuthu இருக்கும்போது திரையில் வெறும் Ezhil என்றிருந்தால், உங்களைத் தேடுகிறவர்கள் குழம்புவார்கள்.

டீம்ஸில் இந்த மாற்றத்தை நிரந்தரமாக நீங்களே செய்துகொள்ள முடியாது. அங்கே தெரியும் பெயர் நிறுவனத்தின் பயனர் பதிவேட்டிலிருந்து வருகிறது, அதற்குச் சாவி கணினிப் பிரிவிடம் இருக்கிறது. அவர்களுக்கு எழுதும்போது ஒரு சொல்லைக் கவனமாகக் கையாள வேண்டும். 'என் பெயரை மாற்றுங்கள்' என்று எழுதினால் அரசிதழ் நகல் கேட்பார்கள். 'காட்சிப் பெயரை மட்டும் மாற்றுங்கள். சட்டப்படியான பெயரும் மின்னஞ்சல் முகவரியும் அப்படியே இருக்கட்டும்' என்று எழுதுங்கள். பதிவேட்டில் முதற்பெயர், குடும்பப் பெயர், காட்சிப் பெயர் மூன்றும் தனித்தனி வரிகளாக இருக்கின்றன. கடைசி வரியின் பெயர் displayName. அந்தச் சொல்லையே குறிப்பிட்டு, அதில் என்ன இருக்க வேண்டும் என்பதையும் மேலே உள்ளபடி அப்படியே எழுதிக் கொடுங்கள்.

இதில் வழக்கமாக ஒரு தவறு நடக்கிறது. செவ்வாய்க்கிழமை மாலை பெயர் மாறியிருக்கும், புதன்கிழமை காலையில் பழைய பெயர் திரும்பி வந்திருக்கும். கணினிப் பிரிவினர் பொய் சொல்லவில்லை. பல நிறுவனங்களில் அந்தப் பதிவேடே மனிதவளப் பிரிவின் மென்பொருளிலிருந்து இரவுதோறும் நிரப்பப்படுகிறது. மேலே தொட்டியில் இருக்கும் நீர்தான் குழாயில் வரும். அப்படித் திரும்பி வந்தால் கணினிப் பிரிவிடம் மறுபடியும் போகாதீர்கள். மனிதவளப் பிரிவிடம் கேட்டு, அவர்களுடைய மென்பொருளில் 'விரும்பும் பெயர்' என்ற கட்டம் இருக்கிறதா என்று பார்த்து, அங்கே Ezhil என்று பதியச் சொல்லுங்கள். உலகம் முழுதும் கிளை உள்ள நிறுவனங்களில் அந்தக் கட்டம் பெரும்பாலும் இருக்கும், நம் ஊரில் அதை யாரும் நிரப்புவதில்லை. இன்னொரு நிலையும் உண்டு. உங்கள் கணினியில் மாறியிருக்கும், மற்றவர்களுக்கு மாறியிருக்காது. அது பழைய தகவல் அவர்கள் கணினியில் தங்கியிருப்பதால் வருவது. ஓரிரு நாளில் தானாகச் சரியாகும். மாறிவிட்டதா என்பதை உங்கள் திரையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பழைய குழுவில் ஒரு தோழியை அழைத்து, அவருக்கு என்ன தெரிகிறது என்று கேளுங்கள்.

ஜூம் கதை எளிது. மகனின் வகுப்புக்கு அதே மடிக்கணினியைக் கொடுத்திருப்பீர்கள், அவன் கணக்கிலிருந்து யாரும் வெளியேறவில்லை. உங்களுக்கென்று தனிக் கணக்கு இருந்தால் ஜூம் வலைத்தளத்தில் Profile பக்கத்துக்குப் போய், பெயரின் அருகே Edit அழுத்தி, Display Name கட்டத்தில் எழுதிச் சேமியுங்கள். அடுத்த கூட்டம் முதல் அதுதான் வரும். கூட்டத்துக்கு உள்ளே போன பிறகு தவறைக் கண்டால், உங்கள் வீடியோவின் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி Rename கொடுக்கலாம். ஆனால் அந்த மாற்றம் அந்த ஒரு கூட்டத்துக்குத்தான். மேலும் பெயர் மாற்றும் வசதியைக் கூட்டத்தை நடத்துபவர் மூடி வைத்திருக்க முடியும். வாடிக்கையாளர் கூட்டங்களில் மூடியிருக்கவும் கூடும். எனவே வெளியிலேயே சரிசெய்துகொண்டு உள்ளே போவதுதான் நல்லது. கைபேசியிலிருந்து இணைப்பை அழுத்தி நுழையும்போது பெயர்க் கட்டத்தைக் கட்டாயம் பாருங்கள். சிலருக்கு அங்கே கைபேசியின் மாடல் பெயரே நிற்கும். காத்திருப்பு அறையில் ஒரு கைபேசி நிற்பதைக் கண்டு யாரும் கதவைத் திறக்கமாட்டார்கள்.

கூகுள் மீட் வந்தால், அது உங்கள் கூகுள் கணக்கின் பெயரையே எடுக்கும். கூட்டத்துக்கென்று தனியாக அங்கே மாற்ற முடியாது, கணக்கில் மாற்றினால் ஜிமெயிலிலும் மாறும்.

இனி உச்சரிப்பு. உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

ழகரத்தை zh என்று எழுதுவது நமக்குள் நாம் செய்துகொண்ட ஏற்பாடு. அதைப் படித்து ழகரத்தைச் சொல்ல வேண்டுமென்றால் முன்பே தமிழோ மலையாளமோ தெரிந்திருக்க வேண்டும். ஆங்கிலேயர் zh-ஐக் கண்டால் z தனி, h தனி என்று பிரிப்பார். கொஞ்சம் மொழியறிவு உள்ளவரென்றால் 'விஷன்', 'மெஷர்' என்ற சொற்களின் நடுவே வரும் ஒலியைப் போடுவார். வட இந்தியர் 'எஜில்' என்பார். யார் படித்தாலும் எழில் வராது. 2020-இல் தமிழ்நாடு அரசு 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டு, எழுந்த விமர்சனங்களால் சில நாளிலேயே திரும்பப் பெற்றது நினைவிருக்கும். தமிழை ஆங்கில எழுத்தில் அடைக்க ஓர் அரசாலேயே எளிதில் முடியவில்லை. உங்கள் குறிப்புக்கு அந்தச் சுமை வேண்டாம். தமிழைத் துல்லியமாகப் பெயர்த்து எழுதுவது அதன் வேலை இல்லை. லீட்ஸில் ஒருவர் தனக்குப் பழகிய முறையிலேயே படிக்கும்போது, அவர் வாயிலிருந்து எழிலுக்கு மிக அருகில் உள்ள ஒலி தானாக வெளிவர வேண்டும். அது போதும்.

எனவே அவர் வாயில் என்ன இருக்கிறது என்று தேடுவோம். ஆங்கிலேயரின் r நம் ரகரத்தைப் போல நாக்கால் தட்டும் ஒலி அல்ல. நாக்கு எதையும் தொடாமல் உள்ளே சற்றுப் பின்வாங்கி நிற்க, காற்று வழுக்கிப் போகும். நீங்கள் 'ழ' என்று நீட்டிச் சொல்லிப் பாருங்கள், உங்கள் நாக்கும் எதையும் தொடுவதில்லை. நாம் இன்னும் கொஞ்சம் வளைக்கிறோம், வேறுபாடு அவ்வளவுதான். ழகரத்துக்கு ஆங்கிலத்தில் உள்ள நெருங்கிய உறவு r-தான், l அல்ல. இதைச் சொன்னால் நம்மவர்கள் பலர் நம்புவதில்லை. 'ழி' என்பது ri ஆகிவிட்டதே என்று முகம் சுளிப்பார்கள். அவர்கள் அதைத் தமிழ் ரகரமாகப் படிப்பதால் வரும் சுளிப்பு அது.

அடுத்தது எகரம். வெறும் E என்று எழுதினால் 'ஈ' ஆகிவிடும். EH என்று எழுதினால் 'எ' கிடைக்கும். அழுத்தம் எந்த அசையில் என்பது ஆங்கிலேயருக்கு முக்கியம். நாம் முதல் அசையில்தான் லேசாக அழுத்துகிறோம், அதனால் அதைப் பெரிய எழுத்தில் போடுகிறோம். இவை எல்லாம் சேர்ந்து EH-ril ஆகிறது. இன்னொரு நல்வாய்ப்பும் உங்களுக்கு இருக்கிறது. ஆங்கிலத்தில் peril என்று ஒரு சொல் உண்டு. அதன் முதல் எழுத்தை எடுத்துவிட்டால் மிஞ்சும் ஒலி ஏறத்தாழ எழில்தான். பழக்கமான சொல்லோடு எதுகை சேர்த்துச் சொன்னால் யாரும் மறக்கமாட்டார்கள். அசை பிரித்த எழுத்துகளை மறுநாளே மறந்துவிடுவார்கள். peril என்றால் ஆபத்து, எழில் என்றால் அழகு. இந்தப் பொருத்தத்தை முதல் கூட்டத்தில் சொல்லிப் பாருங்கள். சிரித்தவர் பிறகு தவறாகச் சொல்லமாட்டார்.

```
Ezhil: EH-ril, rhymes with "peril"
```

குறிப்பு இவ்வளவுதான். எழிலரசி முழுவதையும் இதில் சேர்க்காதீர்கள். யாராவது கேட்டால் EH-ril-uh-ruh-see என்று சொல்லிக்கொள்ளலாம். விருது மேடையில் முழுப் பெயர் தேவைப்பட்டால் Marimuthu-வில் உள்ள th ஒரு பொறி. அவர்கள் அதை thumb என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் ஒலியாகப் படிப்பார்கள், பல்லிடுக்கில் காற்று வரும். அறிவிப்பவரிடம் தனியாக MA-ri-MOO-too என்று எழுதிக் கொடுங்கள். அன்றைக்கு மட்டும் போதும்.

ஃபிராங்க்ஃபர்ட்காரர் இருவருக்கும் இதே குறிப்பு சறுக்கும். ஜெர்மானியரின் r தொண்டையில் உரசும் ஒலி, அதில் ழகரத்தின் சாயலே இல்லை. Eh என்பதை அவர்கள் நீட்டி 'ஏ' என்பார்கள். அவர்கள் அலுவலகத்தில் ஆங்கிலமே பேசுவதால் ஆங்கில r-ஐயே போட்டுச் சமாளிக்கவும் கூடும். முதலில் அவர்கள் சொல்வதைக் காதால் கேளுங்கள். தொண்டை ஒலி வந்தால் மட்டும், அவர்களுக்குத் தனிச் செய்தியில் Ellil என்று எழுதி அனுப்புங்கள். மெய்யெழுத்தை இரட்டித்தால் அதற்கு முன் உள்ள உயிர் குறுகும் என்பது ஜெர்மன் எழுத்து முறை. அதனால் எகரம் குறிலாகவே வரும். ழகரம் லகரமாகிறதே என்று கேட்பீர்கள். திருநெல்வேலியிலிருந்து எழுதுகிறீர்கள், 'வாளப்பளம்' கேட்காத காதா உங்களுடையது? யாழ்ப்பாணத்திலும் பலருக்கு ழகரம் ளகரம்தான். தமிழர்களுக்கே அனுமதித்ததை ஜெர்மானியருக்கு மறுக்க நமக்கு உரிமை இல்லை. இந்த இரண்டாவது வடிவத்தைப் பொதுக் குறிப்பில் மட்டும் சேர்த்துவிடாதீர்கள். ஒரே பெயருக்கு இரண்டு வழி காட்டினால் லீட்ஸும் தடுமாறும்.

எழுதியதைச் சோதிக்காமல் அனுப்பக் கூடாது. சோதிக்கக் கணவரோ தோழியோ பயன்படமாட்டார்கள், அவர்களுக்குத்தான் விடை தெரியுமே. உங்கள் பெயரைக் கேட்டிராத, தமிழ் தெரியாத ஒருவரிடம் அந்த ஒற்றை வரியைக் காட்டி, எந்த விளக்கமும் சொல்லாமல் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். இரண்டு பேர் ஒரே இடத்தில் ஒரே மாதிரி தவறினால் பிழை குறிப்பில் இருக்கிறது. என்னிடம் பயிற்சிக்கு வந்த யாழினி என்ற பெண் முதலில் Yaa-zhi-ni என்று எழுதியிருந்தார். பெயரை வெட்டிக் கோடு போட்டதைத் தவிர அதில் எதுவும் மாறவில்லை. படித்த மூவரும் zh வந்த இடத்தில் நின்றுவிட்டார்கள். YAH-ri-nee என்று மாற்றிய பிறகு நான்காவது ஆள் தயங்காமல் படித்தார்.

எழுத்தோடு குரலும் இருந்தால் இன்னும் நல்லது. உங்கள் நிறுவனம் தடுத்து வைக்கவில்லை என்றால், டீம்ஸிலும் அவுட்லுக்கிலும் உங்கள் பெயரை அழுத்தினால் விரியும் சுயவிவர அட்டையில் உச்சரிப்பைப் பதிவு செய்து வைக்கலாம். பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிறு ஒலிபெருக்கிக் குறி வரும். அது நிறுவனத்துக்கு உள்ளே இருப்பவர்களுக்குத்தான், வாடிக்கையாளருக்குக் கேட்காது. வெளியாருக்கு லிங்க்ட்இன் இருக்கிறது. அங்கே 2020 முதல் கைபேசிச் செயலி வழியாகப் பத்து வினாடி வரை பெயரைப் பதிந்து வைக்க முடிகிறது. உங்கள் குழு ஸ்லாக் பயன்படுத்தினால் அதன் சுயவிவரத்தில் உச்சரிப்பை எழுதவும் இடம் உண்டு, பேசவும் இடம் உண்டு. பதியும்போது 'வணக்கம், என் பெயர்' என்றெல்லாம் தொடங்க வேண்டாம். எழில் என்று இயல்பாக ஒருமுறை, ஒரு மூச்சு விட்டு மெதுவாக இன்னொரு முறை. மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள்.

இந்தப் பதிவில் நம்மவர்கள் செய்யும் தவறு ஒன்றுதான், ஆனால் ஏறத்தாழ எல்லோரும் செய்கிறார்கள். வெள்ளைக்காரருக்குப் புரியட்டும் என்று சொந்தப் பெயரை அவர் குரலில் சொல்கிறார்கள். கார்த்திக், 'கார்ட்டிக்' ஆகிறார். கீதா, 'கீட்டா' ஆகிறார். நீங்கள் எதைக் கொடுக்கிறீர்களோ அதைத்தான் அவர்கள் கற்பார்கள், அதிலிருந்து இன்னும் ஒரு படி வழுக்கியும் விடுவார்கள். பதிவில் முழு ழகரம் இருக்கட்டும், அம்மா கூப்பிடுவதைப் போல. குறிப்பில் உள்ள r அவர்களுக்குப் பிடிமானம். குரல் அதற்கு அப்பால் எவ்வளவு தூரம் போகலாம் என்று காட்டும்.

இரண்டு வாரக் கணக்கைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அங்கே பெயர் எழுதுவதும் சொல்வதும் வேறுவேறு என்பது பழகிய செய்தி. Leicester என்று எழுதி 'லெஸ்டர்' என்று சொல்லும் நாடு அது. அயர்லாந்துப் பெயரான Niamh-ஐ 'நீவ்' என்றும் Siobhan-ஐ 'ஷிவான்' என்றும் சொல்லப் பழகியவர்களுக்கு உங்கள் zh ஒன்றும் மலை இல்லை. உண்மையில் 'இதை முன்பே கேட்டிருக்கலாமே' என்ற கூச்சம் அவர்களுக்குத்தான் வரும். அதை வளரவிடாமல் சுருக்கமாக முடித்துவிடுவது உங்கள் கையில் இருக்கிறது.

குழுவுக்குச் சொல்வதற்கு முன் குழுத் தலைவருக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்புங்கள். இதை நான் எல்லோரிடமும் வற்புறுத்துகிறேன். கூட்டத்தில் உங்கள் பெயரை அதிகமாகச் சொல்லப் போகிறவர் அவர். அவர் திங்கள்கிழமை 'எழில், உங்கள் பக்கம் என்ன நிலவரம்?' என்று கேட்டுவிட்டால் மற்றவர்கள் அதையே பிடித்துக்கொள்வார்கள். அவரே மாரிமுத்து என்றால், நீங்கள் எத்தனை பேருக்கு எழுதினாலும் பயனில்லை. குழுவுக்கான செய்தியில் ஆங்கிலத்தில் இந்தப் பொருள் வந்தால் போதும்: 'திரையில் முன்னால் தெரியும் மாரிமுத்து என் அப்பாவின் பெயர், என்னை எழில் என்று அழையுங்கள். உச்சரிப்பு கீழே. உங்கள் பெயர்களில் நான் எதையாவது தவறாகச் சொன்னால் திருத்துங்கள்.' அதன் கீழே அந்த ஒற்றை வரிக் குறிப்பு. மன்னிப்புக் கேட்காதீர்கள், 'சிரமமாக இருந்தால் எப்படியும் அழைக்கலாம்' என்ற வாலையும் சேர்க்காதீர்கள். அந்த வாலைப் படித்தவர் மறுபடியும் மாரிமுத்துவுக்கே திரும்பிவிடுவார். கடைசி வாக்கியத்தை ஒப்புக்காக எழுதவும் வேண்டாம். Joachim என்ற ஜெர்மானியரை 'ஜோக்கிம்' என்று அழைத்துக்கொண்டிருக்கிறோமா என்று நாமும் பார்க்க வேண்டும். அது ஏறத்தாழ 'யோவாகிம்'.

பிறகும் யாராவது தவறினால், தவறிய அந்த நிமிடமே 'எழில்' என்று ஒரு சொல்லில் திருத்திவிட்டுப் பேச்சைத் தொடருங்கள். விளக்கம் வேண்டாம். மறுபடியும் அவரே தவறினால் கூட்டத்துக்குப் பிறகு தனிச் செய்தியில் குறிப்பை அனுப்புங்கள். ஆனால் எங்கே நிறுத்துவது என்பதையும் இப்போதே தீர்மானித்துக்கொள்ளுங்கள். லீட்ஸிலிருந்து 'எரில்' என்று வந்துவிட்டால் அதுதான் கரை. அதற்கு மேல் நாக்கை வளைக்கச் சொல்லிக் கேட்டால், அவர் உங்கள் பெயரைச் சொல்வதையே தவிர்க்கத் தொடங்குவார். தானாக ஓடும் எழுத்துப் பதிவு பேச்சுக்கு நடுவே உங்கள் பெயரை ஏப்ரல் என்றோ எரால் என்றோ எழுதினால் அதற்கும் மருந்தில்லை. யார் பேசினார் என்று ஓரத்தில் காட்டும் பெயர் மட்டும் காட்சிப் பெயரிலிருந்து வருவதால் சரியாக இருக்கும். கூட்டக் குறிப்பை அனுப்புபவரிடம் எழுத்துக்கூட்டலைச் சரிபார்க்கச் சொல்லிவிடுங்கள்.

வாடிக்கையாளரின் ஜூம் கூட்டத்துக்கு ஒரு சிறு சலுகை உண்டு. அங்கே உங்கள் சுயவிவர அட்டையை யாரும் திறக்க முடியாது, கணக்கு உங்களுடையது என்பதால் பெயர்க் கட்டமும் உங்கள் கையில் இருக்கிறது. முதல் இரண்டு மூன்று கூட்டங்களுக்கு இப்படிப் போடலாம்:

```
Ezhil, say EH-ril
```

அப்பாவின் பெயரை அங்கே சேர்த்தால் வரி நீண்டு உச்சரிப்பு வெட்டுப்பட்டுவிடும், அதனால் அந்த நாள்களுக்கு மட்டும் அவரை விட்டுவிடுங்கள். வாடிக்கையாளர் பக்கத்தில் ஒருவர் கட்டத்தைப் பார்க்காமலே உங்களை எழில் என்று அழைத்த அன்று, கூட்டம் முடிந்ததும் அதை அழித்து Ezhil Marimuthu ஆக்கிவிடுங்கள். மகனின் வகுப்பு முடிந்ததும் அவன் கணக்கிலிருந்து வெளியேறுவதை அவன் பொறுப்பாகவே வைத்துவிடுங்கள்.